வென்டிலேட்டரில் இருக்கும் அப்பாவைக் குப்புறப் போட்டிருக்கிறார்களே, மூச்சு இன்னும் திணறாதா?

"அப்பாவுக்கு நிமோனியா முற்றி மும்பையில் ஐசியூவில் இருக்கிறார். நேற்றிலிருந்து குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்கிறார்கள். நெஞ்சை அமுக்கிப் படுத்தால் எப்படி ஏறும்?"

திணறாது. இந்த நிலையில் அவர் தானாக மூச்சை இழுப்பதில்லை, இயந்திரம்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. ஆழ்ந்த மயக்க மருந்தும், பெரும்பாலும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். நான் இதே ஊரில் ஐசியூ நர்ஸ். உங்களுடைய இந்தக் கேள்வியை ஐசியூ வாசலில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. அவசரமாக ஓடுகிற நேரத்தில் முழுசாகச் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நிமோனியா முற்றும்போது நுரையீரல் முழுக்க நீர் கோத்து கனத்துப்போகிறது. மல்லாந்து படுத்திருப்பவருக்கு அந்தக் கனமெல்லாம் முதுகுப் பக்கம் இறங்கும். நீரில் ஊறிய பஞ்சைத் தட்டில் வைத்தால் மேல்பகுதி அடிப்பகுதியை நசுக்குமே, அப்படி. போதாததற்கு இதயம் இடது நுரையீரலின் பின்பகுதி மேல் உட்கார்ந்திருக்கும். வயிறு உதரவிதானத்தைப் பின்பக்கமாக மேலே தள்ளும். ஆக, முதுகை ஒட்டிய காற்றுப்பைகள் மூடிக்கொள்கின்றன. நுரையீரலில் அதிகத் திசு இருப்பதே முதுகுப் பக்கம்தான் என்பதால் இழப்பு பெரிது.

காற்றுப்பை மூடினாலும் ரத்தம் அந்தப் பக்கம் போவதை நிறுத்துவதில்லை. காற்றே இல்லாத இடத்தைச் சுற்றிவிட்டு, ஆக்சிஜன் ஏறாமல் அப்படியே இதயத்துக்குத் திரும்புகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதி ரத்தம் நல்ல பகுதி வழியாகப் போய் 100 சதவீதம் நிரம்பி வருகிறது. மீதிப் பாதி மூடிய பகுதி வழியாக, போனபோது இருந்த 70 சதவீதத்தோடே வருகிறது. இரண்டும் கலந்தால் 85. இயந்திரத்தில் ஆக்சிஜனை எவ்வளவு கூட்டினாலும் நல்ல பகுதி 100-ஐத் தாண்டப் போவதில்லை, மூடிய பகுதிக்கு அது எட்டவே எட்டாது. "ஆக்சிஜனைக் கூட்டி வைக்கலாமே" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது நாங்கள் தலையசைக்காததன் காரணம் இதுதான்.

இப்போது திருப்பிப் போடுங்கள். இதயம் நெஞ்செலும்பின் மேல் சாய்கிறது, முதுகுப் பக்கத்து நுரையீரல் மேலே வந்து பாரம் நீங்கி விரிகிறது. நெஞ்சின் முன்சுவர் மெத்தையில் பதிந்து அசையாமல் இருப்பதால், தள்ளும் காற்று பின்பக்கமாகவும் பரவுகிறது. ரத்தமும் கவிழ்ந்து கீழே, அதாவது முன்பக்கம் போய்விடுமே என்று தோன்றும். அப்படிப் போவதில்லை. எப்படிப் படுத்தாலும் ரத்தத்தின் பெரும்பங்கு முதுகுப் பக்கமே ஓடுகிறது. ரத்தம் காத்திருந்த இடத்துக்குக் காற்று வந்து சேர்கிறது. முன்பகுதியில் கொஞ்சம் மூடத்தான் செய்யும், ஆனால் அங்கே திசு குறைவு, நட்டம் சிறிது. மேலே சொன்ன கணக்கில் வீணாகும் பங்கு பாதியிலிருந்து காலாகக் குறைந்தால் 85 என்பது 92-ஐத் தாண்டும்.

நாங்கள் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். தாராவிக்காரர், மழைக்காலத்தில் வைரஸ் நிமோனியாவோடு வந்தவர். இயந்திரம் 80 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60தான். 60-ஐ 0.8-ஆல் வகுத்தால் 75. நல்ல நுரையீரலில் இந்த எண் 400-க்கு மேல் இருக்கும். 60 சதவீதமோ அதற்கு மேலோ ஆக்சிஜன் கொடுத்தும் இது 150-க்குக் கீழே நின்றால் திருப்பிப் போட யோசிப்போம். அவர் மனைவி திருநெல்வேலிப் பக்கம். "மனுசன் நேரா கெடக்கும்போதே மூச்சுக்குத் தவிச்சாரு, இப்பிடி கவுத்துப் போடப் போறியளே சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திருப்புவதற்கு ஐந்து பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில், வாய்வழியாகப் போட்டிருக்கும் வென்டிலேட்டர் குழாயைப் பிடித்தபடி நின்று கட்டளை கொடுப்பார், மற்றவர்கள் அவர் எண்ணும்போது மட்டுமே அசைவார்கள். இங்கே நாங்கள் 'மாமா' என்று கூப்பிடும் வார்டு உதவியாளர்கள் இதில் கெட்டிக்காரர்கள். முன்னதாகவே குழாய் வழி கொடுக்கும் உணவை நிறுத்தி, கண்ணில் மருந்து போட்டு மூடி, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை வைத்துவிடுவோம். எனக்கு எப்போதும் பயம் அந்த வென்டிலேட்டர் குழாயைப் பற்றித்தான். அது உருவிவிட்டால் அந்த நிலையில் திரும்பப் போடுவது மிகக் கஷ்டம். திருப்பிய சில நிமிடங்களுக்கு மானிட்டரில் ஆக்சிஜன் எண் இறங்குவதும் உண்டு, பெரும்பாலும் தானே ஏறிவிடும். ஏறாமல் சரிந்துகொண்டே போனால் குழாய் மடங்கியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, குழாய் ஒரே நுரையீரலுக்குள் இறங்கிவிட்டதா என்று பார்ப்போம்.

ஒரு மணி நேரத்தில் அவருக்கு 75 என்பது 120 ஆனது. மறுநாள் காலை 60 சதவீத ஆக்சிஜனில் அழுத்தம் 90, அதாவது 150. மல்லாக்கப் போட்டு நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி 120. அதனால் மறுபடியும் கவிழ்த்தோம். இப்படிச் சில சுற்று போன பிறகுதான் மல்லாந்த நிலையிலும் எண் 150-க்கு மேல் நின்றது.

ஒருநாள் பொழுதும் இப்படியே ஏன் கிடத்த வேண்டும் என்றால், நேரம் குறைந்தால் பலன் தெரிவதில்லை. இத்தாலியில் கட்டினோனி குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகள் நாளொன்றுக்குச் சுமார் 7 மணி நேரம் குப்புறக் கிடந்தார்கள். ஆக்சிஜன் கூடியது, இறப்பு குறையவில்லை. 2013-இல் பிரான்சின் கெரின் குழுவினர் மிகக் கடுமையான நோயாளிகளை மட்டும் எடுத்து, குறைந்தது 16 மணி நேரம் என்று வைத்தார்கள். மல்லாந்தே இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 33 சதவீதம், குப்புறப் படுத்தவர்களில் 16. இன்னொன்றும் தெரிந்தது: ஆக்சிஜன் பெரிதாக ஏறாதவர்களுக்கும் பலன் இருந்தது. காற்று ஒரே பக்கம் திணிக்கப்பட்டு நல்ல பகுதி கிழிபடாமல், சமமாகப் பரவுவதே உயிரைக் காக்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே எண் கொஞ்சம்தான் ஏறியது என்று கேட்டால் மனம் உடையாதீர்கள்.

முதுகெலும்பு முறிந்து உறுதியில்லாதவர்களைக் கவிழ்க்க முடியாது. மூளையில் அழுத்தம் கூடியவர்கள், அண்மையில் நெஞ்சுக்கூட்டைத் திறந்து ஆபரேஷன் ஆனவர்கள் விஷயத்தில் டாக்டர்கள் மிகவும் தயங்குவார்கள். 2021-இல் கோவிட் சமயத்தில் வீட்டில் தானே குப்புறப் படுக்கச் சொன்னார்களே, அது விழித்திருப்பவர்களுக்கானது. அதை வைத்து இதை எடைபோடாதீர்கள்.

அப்பாவைப் பார்க்கப் போகும்போது முகம் உப்பி, உதடு தடித்து, அடையாளமே தெரியாமல் இருக்கலாம். மல்லாக்கப் போட்டதும் அந்த வீக்கம் மெல்ல வடியும். கன்னம், தாடையில் புண் வராமலிருக்கத் தலையை இரண்டு மணிக்கொருமுறை மாற்றி வைக்கிறார்களா என்று சிஸ்டரிடம் தாராளமாகக் கேளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டாக்டரிடம், மல்லாக்கப் போட்டு நான்கு மணி நேரம் ஆனபின் அந்த வகுத்த எண் எவ்வளவு என்று கேளுங்கள். ஆக்சிஜன் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கையில் அது 150-க்கு மேலே நின்றால், பெரும்பாலும் இனிக் கவிழ்க்க வேண்டியிருக்காது.