மே மாதம் கிழிந்த பட்ஜெட்டை ஜூனில் தைப்பது எப்படி?

ஜனவரியில் போட்ட பட்ஜெட் நாலு மாதம் நன்றாக ஓடியது. மே மாதம் 21,000 ரூபாய் கூடிவிட்டது, முழுக்க கார்டில். சம்பளம் 46,000. கையில் 6,000 இருக்கிறது. இந்த வருடத்தை விட்டுவிட்டு அடுத்த ஜனவரியில் புதிதாகத் தொடங்கட்டுமா? (திருச்சி வாசகி)

வேண்டாம். நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தை உட்கார்ந்து பார்த்தேன். 21,000 என்பது ஒரே செலவு இல்லை. பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் 9,500. அக்கா மகள் மஞ்சள் நீராட்டுக்குச் சீர் 6,500. மீதி 5,000 துணிமணியும் ஆன்லைன் ஆர்டர்களும். இதில் கைமீறியது என்று சொல்லத்தக்கது அந்தக் கடைசி 5,000 மட்டும்தான். பள்ளிச் செலவு வருடா வருடம் இதே நேரத்தில் வருவது. ஜனவரியில் அதற்கு ஒரு வரி எழுதாமல் விட்டது திட்டத்தின் குறை. அதற்காக மே மாதத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. சீரும் அப்படித்தான். எந்த மாதம் என்று தெரியாது, ஆனால் வருடத்தில் இரண்டு விசேஷமாவது வராத வீடு நம் ஊரில் ஏது?

முதலில் கார்டு. கெடு தேதிக்குள் முழுப் பணமும் கட்டியாக வேண்டும். கையில் உள்ள 6,000 போக 15,000 வேண்டும். உங்களுக்கு அஞ்சலகத்தில் மாதம் 5,000 ஆர்.டி. 16 மாதமாக ஓடுகிறது. 12 தவணை கட்டி ஒரு வருடம் முடிந்திருந்தால் இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள். வட்டி, ஆர்.டி. வட்டியை விட 2 சதவீதம்தான் கூடுதல். பாஸ்புக்கோடு போய் 15,000 வாங்குங்கள். ஆறு மாதத்தில் தவணையாக அடைத்தால் மொத்த வட்டி சுமார் 400 ரூபாய்க்குள் முடியும். இதே தொகையைக் கார்டிலேயே ஆறு மாதம் இழுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் போகும்.

இனி ஜூலை முதல் டிசம்பர் வரை. உங்கள் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை இந்த ஆறு மாதம் நிறுத்தி வையுங்கள். பல ஃபண்டுகளில் சில மாதங்களுக்கு நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. எத்தனை மாதம் விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு, தவணைத் தேதிக்குச் சில நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் விட்டுவிடுவது நிறுத்துவது ஆகாது. வங்கி ஒவ்வொரு முறையும் அபராதம் போடும், தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் எஸ்.ஐ.பி.யே ரத்தாகிவிடும். அந்த 3,000ல் 2,500 கடனுக்கு. மீதி 500ஓடு சில்லறைச் செலவிலிருந்து 400 சேர்த்து, மாதம் 900 பள்ளிக்கென்று தனியாகப் போடுங்கள். ஜூலையிலிருந்து அடுத்த மே வரை 11 மாதத்தில் 9,900 சேர்ந்துவிடும். அடுத்த மே மாதப் பள்ளிச் செலவுக்குக் கார்டைத் தொட வேண்டியதில்லை. ஜனவரியில் எஸ்.ஐ.பி.யைத் திரும்பத் தொடங்கும்போது அதில் கொஞ்சம் குறைத்து, விசேஷங்களுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். மாதம் 8,000 சேமிப்பு என்று நீங்கள் எழுதியது பள்ளியையும் சீரையும் மறந்து எழுதிய தொகை. அதைத் திருத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மளிகை 13,000ல் கை வைக்காதீர்கள். நாலு மாதம் அந்தத் தொகைக்குள் வீடு நடந்திருக்கிறது. அந்த வரி சரியாகத்தான் இருக்கிறது.

போன மாதம் கூடிய 12,000ஐ இந்த ஒரே மாதத்தில் மிச்சம் பிடித்து ஈடுகட்டலாமா? (சேலம் வாசகர்)

முடியாது. மூன்றாவது வாரத்தில் தாங்காமல் திரும்பவும் கார்டை எடுப்பீர்கள். நாலு மாதமாகப் பிரியுங்கள்.

மே மாதப் பில் 38,000. மினிமம் டியூ 1,900 மட்டும் கட்டினேன். நடுவில் ஆஃபரில் ஒரு ஏர் ஃப்ரையரும் அதே கார்டில் எடுத்தேன். இப்போது பட்ஜெட்டை எங்கிருந்து தொடங்குவது? (கோவை வாசகர்)

38,000 பாக்கி நிற்கும்போது ஏர் ஃப்ரையர் எதற்கு? பெட்டி பிரிக்காமல் இருந்தால், திருப்பும் கெடு முடிவதற்குள் இன்றே அனுப்பிவிடுங்கள்.

மினிமம் டியூ என்ற பேரே என்னைக் கோபப்படுத்துகிறது. கட்டிவிட்டால் போதும் என்று நினைக்கத்தான் அந்தப் பேர். மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38,000க்கு 1,330. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 239. ஆக 1,569. நீங்கள் கட்டும் 1,900ல் அசல் குறைவது 331 ரூபாய். தாமதக் கட்டணம் வராது என்பதைத் தவிர அதில் வேறு லாபம் இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு, அதை நான் என் காசு கொடுத்துக் கற்றேன். சில வருடம் முன்பு 24,000க்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கிவிட்டு மூன்று மாதம் மினிமம் மட்டும் கட்டினேன். மற்ற செலவுகளை வழக்கம்போல அதே கார்டில் செய்துவந்தேன். ஒரு நாள் பில்லை வரி வரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மருந்துக் கடையில் தேய்த்த 310 ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடியிருந்தது. பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. பாதியை விட அதிகமாகக் கட்டினாலும் இதே கதைதான். முழுக்க அடைத்தால்தான் அந்தச் சலுகை திரும்பும்.

ஆகவே முதல் வேலை, ஃபோனில் உள்ள எல்லா ஆப்களிலிருந்தும் அந்தக் கார்டை எடுங்கள். அடுத்து, ஆர்.டி.யோ டெபாசிட்டோ இருந்தால் அதன்மேல் கடன் வாங்கி அடையுங்கள். இரண்டும் இல்லையென்றால் பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றச் சொல்லி வங்கியைக் கேளுங்கள். வருட வட்டி எத்தனை, பிராசசிங் ஃபீ எவ்வளவு, முன்கூட்டி முடித்தால் என்ன கட்டணம் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டபின் சரி சொல்லுங்கள். அந்தத் தவணையை வாடகைக்கு அடுத்த வரியில் எழுதுங்கள். உங்கள் பட்ஜெட் அங்கிருந்து தொடங்குகிறது.

நெருக்கடியில் அஞ்சலக ஆர்.டி. தவணையை ஒன்றிரண்டு மாதம் விடலாமா? (மதுரை வாசகி)

விடலாம். 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். நாலு தவணை விட்டால் கணக்கு நின்றுபோகும். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.

ஆன்லைனில் ஃபிரிட்ஜ் வாங்கினேன். நான் கேட்காமலேயே 2,999 ரூபாய்க்கு நீட்டித்த வாரன்டி சேர்ந்திருந்ததைப் பணம் கட்டியபின்தான் பார்த்தேன். அந்த மாதக் கணக்கே உடைந்தது. கவனிக்காதது என் தப்புதானே என்கிறார் கணவர். (தஞ்சாவூர் வாசகி)

உங்கள் தப்பு இல்லை அம்மா. வாங்குபவர் சம்மதமில்லாமல் கூடையில் பொருளைச் சேர்ப்பதை, 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் பெயர் சொல்லித் தடுக்கிறது. ‘பாஸ்கெட் ஸ்னீக்கிங்’ என்று அதற்குப் பேர். கணவரிடம் இதைக் காட்டுங்கள்.

இன்வாய்ஸையும் ஆர்டர் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ‘நான் கேட்கவில்லை, திருப்பிக் கொடுங்கள்’ என்று விற்ற தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஃபோனில் பேசுவது மட்டும் போதாது, எழுத்தில் இருக்கட்டும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியதற்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பட்ஜெட்டில் அந்த 2,999ஐ ‘வரவேண்டியது’ என்று தனி வரியில் எழுதுங்கள். அதற்காகப் பாலையோ காய்கறியையோ குறைக்காதீர்கள். கைக்கு வரும்வரை அதை வரவிலும் சேர்க்காதீர்கள். தளம் என்ன பதில் அனுப்பியது என்று எனக்கும் எழுதுங்கள்.