பதற்ற நோய்க்குப் பிறகு பாடசாலைக்குத் திரும்ப: ஃபிட்னஸ் கடிதத்தில் என்ன இருக்கவேண்டும்?

கேள்வி: என்ட அக்கா கொழும்பில ஒரு அரசாங்கப் பாடசாலையில டீச்சர். கடும் பதற்றம் வந்து ஆறு கிழமை மெடிக்கல் லீவில நிண்டவ. இப்ப திரும்பிப் போறதுக்கு டொக்டரிட்ட ஃபிட்னஸ் கடிதம் கேக்கினம். அதில என்ன எழுதியிருக்கோணும், என்ன எழுதக்கூடாது?

பதில்:

லீவுக்கு மெடிக்கல் தந்த உளநல வைத்தியரிடமே இதையும் எடுக்கப் பாருங்கள். நோய் உச்சத்தில் இருந்தபோதும் பார்த்தவர், இப்போதும் பார்ப்பவர் என்பதால் அவருடைய கருத்துக்கு எடை இருக்கும். பக்கத்துத் தெரு டொக்டர் அன்றைக்கு அக்கா எப்படி இருக்கிறார் என்று மட்டும்தான் சொல்ல முடியும். போகும்போது கிளினிக் கொப்பி, இதுவரை கொடுத்த எல்லா மெடிக்கல்களின் பிரதி, அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். சனல் பண்ணித்தான் காட்டினவர் என்றால், தனியார் வைத்தியரின் கடிதத்தை ஏற்பார்களா, மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவார்களா என்று பாடசாலை எழுத்தரிடமோ வலயப் பணிமனையிலோ முதலே கேளுங்கள். கடிதம் எடுத்த பிறகு கேட்டால் இரண்டாவது அலைச்சல்.

கடிதம் பதில் சொல்லவேண்டியது அதிபருக்குத் தேவையான மூன்று விஷயங்களுக்குத்தான்: எந்தத் திகதியிலிருந்து வரலாம், என்ன நிபந்தனையோடு, அந்த நிபந்தனை எதுவரைக்கும். நோயின் பெயர், குளிசையின் பெயர், பதற்றத்தை அளக்கக் கொடுத்த கேள்வித்தாளின் புள்ளி, வீட்டுப் பிரச்சினை எல்லாம் கிளினிக் கொப்பியோடு நிற்கட்டும். உடனே யாராவது வந்து "உண்மையை மறைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. முந்தைய மெடிக்கலில் நோய் எழுதப்பட்டிருந்தால் அது ஏற்கனவே கோப்பில் இருக்கிறது. புதுக் கடிதத்தில் "இன்ன திகதியிட்ட சான்றிதழில் குறிப்பிட்ட நோய்" என்று சுட்டினால் போதும். உண்மையில் வினையாவது வேறொன்று: வெட்கப்பட்டு "முதுகுவலி எண்டு போடுங்கோ டொக்டர்" என்று கேட்பது. பழைய மெடிக்கலும் புதுக் கடிதமும் முட்டினால், இரண்டையுமே சந்தேகிப்பார்கள்.

திகதியில்தான் கன பேருக்குச் சிக்கல் வருவது. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். லீவு மே 4 திங்கள் தொடங்கி ஜூன் 12 வெள்ளி வரை. வைத்தியர் ஜூன் 10ஆம் திகதி பார்த்துவிட்டு, 17 புதன் தொடக்கம் வேலைக்குப் போகலாம் என்கிறார். அப்படியென்றால் 15, 16 இரண்டு நாளும் எந்தத் தாளிலும் இல்லை. சம்பளத்தில் வெட்டு விழுவது இப்படியான ஓட்டைகளில்தான். ஆகவே அதே நாளிலேயே லீவை 16 வரை நீட்டும் மெடிக்கலையும் கேட்டு வாங்கவேண்டும். புதன்கிழமை ஏன் என்றால், முதல் கிழமை மூன்று நாளோடு முடிந்துவிடும். திங்கள் காலைக் கூட்டத்தோடு தொடங்கி ஐந்து நாளையும் ஒரே மூச்சில் ஓடுவதைவிட இது எவ்வளவோ லேசு.

நிபந்தனையை "லைட் டியூட்டி" என்று மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை. அதிபர் தனக்கு விளங்கியபடி எடுப்பார். பாடவேளையைக் குறைக்காமல் வாசலில் நிற்கும் கடமையை மட்டும் விட்டுவிட்டு, லைட் டியூட்டி கொடுத்தாயிற்று என்பார். அவரையும் பிழை சொல்ல ஏலாது. ஆசிரியரின் ஒரு நாள் எப்படிப் போகிறதென்று வைத்தியருக்கும் தெரியாது. அதனால் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: கிழமைக்கு எத்தனை பாடவேளை, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்தத் தரம், வகுப்புப் பொறுப்பு உண்டா, ரிலீஃப் பாடம் எத்தனை விழும், வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு பஸ் ஏறவேண்டும், பதற்றம் எங்கே கூடுகிறது. சனலில் கிடைக்கிற சில நிமிடத்தில் இதையெல்லாம் வாயால் சொல்லி முடியாது.

அந்தத் தாளை வைத்து வைத்தியர் எழுதக்கூடிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும். ஆங்கிலத்தில் எழுதினாலும் பொருள் இதுதான்:

"மேற்படி ஆசிரியை எனது பராமரிப்பில் உள்ளவர். ஜூன் 10 அன்று இவரைப் பரிசோதித்தேன். மே 4 திகதியிட்ட சான்றிதழில் குறிப்பிட்ட நோயிலிருந்து தேறியுள்ளார். ஜூன் 17 முதல் கற்பித்தல் கடமைக்குத் திரும்பத் தகுதியானவர். ஜூலை 14 வரை நான்கு கிழமைகளுக்குப் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன: கிழமைக்கு 18 பாடவேளைக்கு மேற்படாமை, ரிலீஃப் பாடங்களும் வகுப்புப் பொறுப்பும் தவிர்த்தல், ஜூலை 8 அன்று கிளினிக் செல்ல அனுமதித்தல். அதன் பின் மீளாய்வு செய்யப்படும்."

மேலே முழுப்பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே வரவேண்டும். முதலெழுத்து ஒன்று மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். கீழே ஒப்பம், திகதி, இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தோடு சீல். கிளினிக் வாசலை விட்டு வரமுன் சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 18 என்பது உதாரணத்துக்குத்தான், வழமையாக 30 எடுப்பவருக்கு. வைத்தியர் பரிந்துரைக்கலாமே தவிர நேரசூசியை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. நடக்கக்கூடியதை எழுதினால்தான் நடக்கும்.

"பூரண சுகம்", "இனி வராது" என்று எழுதும்படி பாடசாலை கேட்டால், எந்த வைத்தியரும் அப்படிக் கையெழுத்துப் போடக்கூடாது. அவர் சொல்லக்கூடியது பரிசோதித்த நாளின் நிலையையும், அதிலிருந்து நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதையும்தான். குளிசை எடுத்துக்கொண்டே வேலைக்குத் தகுதியாக இருக்கலாம். "ஃபிட்" என்று காட்டுவதற்காகக் குளிசையை நிற்பாட்டுகிறவர்கள்தான் சில நாளில் திரும்பக் கிளினிக்கில் நிற்பார்கள். செர்ட்ராலீன் போன்றவை முழுதாக வேலைசெய்யப் பல கிழமை எடுக்கும், தொடங்கிய புதிதில் படபடப்பைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். போன கிழமைதான் அளவைக் கூட்டியிருந்தால், திரும்பும் நாளைச் சற்றுத் தள்ளிப்போடுவது பற்றிக் கேளுங்கள். இரவில் குளோனசெபாம் எடுப்பவர் என்றால் காலை பத்து மணிக்கும் தூக்கம் தூக்கமாக வருகிறதா என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பரிசோதனைக்கு முந்தின கிழமை ஓரிரு நாள் வேலைக்குப் போகிற நேரத்துக்கே எழும்பி, அதே பஸ்ஸில் பாடசாலை வாசல்வரை போய்வரச் சொல்லுங்கள். "இப்ப பரவாயில்ல டொக்டர்" என்பதைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஆசிரியர் அறையில் ரிலீஃப் பட்டியல் ஒட்டுகிறவர்கள், வராதவரின் பெயருக்குப் பக்கத்தில் காரணத்தையும் ஏன் எழுதுகிறீர்கள்? யாருடைய வகுப்பு, எந்தப் பாடவேளை, யார் போகவேண்டும் என்பது போதாதா? பிள்ளைகளும் வாசிக்கிற சுவர் அது. அதற்காகவே, கடிதத்தை எழுத்தரின் மேசையில் திறந்தபடி வைத்துவிட்டு வராமல், ஒட்டிய உறையில் அதிபரின் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு கையெழுத்தும் வாங்கட்டும்.

ஜூலை 8 கிளினிக்கைத் தவறவிடவேண்டாம். தவறினால் 15ஆம் திகதி பழைய நேரசூசி தானாக முழுதாக வந்துவிடும். இன்னும் இரண்டு கிழமை தேவையென்றால் அதற்கும் எழுத்தில் கடிதம் வேண்டும், வாயால் சொல்வது கோப்பில் ஏறாது.