தகரக் கூரைக்கு வெள்ளையடித்தவர்

அன்புள்ள ஐயா,

மொட்டைமாடியில் அம்மாவுக்காகத் தகர ஷெட் ஒன்று போடுகிறேன். 0.35 எம்எம் வேண்டாம், 0.5 போட்டால் சூடு இறங்காது என்கிறார் பட்டறைக்காரர். ஷீட் பளபளப்பாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், மேலே எதுவும் பூச வேண்டாம் என்றும் சொல்கிறார். புதிதாகப் போட்ட ஒரு ஷெட்டுக்குள் நின்று, இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் கூரைக்கு நீட்டி 40 டிகிரி என்று காட்டினார். நம்பலாமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தடிமன் விஷயத்தில் நம்ப வேண்டாம். தகடு வெயிலில் வாங்கும் வெப்பமும், காற்றிடமும் கதிர்வீச்சிலும் இழக்கும் வெப்பமும் சமமாகும்போது அதன் சூடு நிலைத்துவிடும். மூன்றுமே தகட்டின் மேற்பரப்பில் நடப்பவை. அந்தக் கணக்கில் தடிமனுக்கு இடமே இல்லை. உறுதிக்காக 0.5 போடுங்கள், சூட்டுக்காகப் போடாதீர்கள்.

தடிமனால் மாறுவது வேகம் மட்டும்தான். நான் தகரக் கூரையின் கீழ் வளர்ந்தவன். சித்திரை மதியத்தில் மேகம் சூரியனை மறைத்தால் கூரை சுருங்கி, ஆணி அடித்த இடங்களில் 'டக், டக்' என்று சத்தம் போடும். பாட்டி படுத்தபடியே, "மேகம் போட்டிருச்சு, வத்தலை எடுடா" என்பாள். 0.5 எம்எம் தகடு சதுர மீட்டருக்கு நாலு கிலோதான். இரண்டு, இரண்டரை நிமிடத்தில் முக்கால்வாசி ஆறிவிடும்.

பளபளப்புக்கு வருகிறேன். படித்தவர்களும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள், கோபமாக வருகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். தகடு தன் சூட்டை வெளியே கதிர்வீச வேண்டாமா? பளபளக்கும் உலோகம் அதில் மகா கஞ்சன்.

கணக்கு போட்டே பார்ப்போம். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட், காற்று 35 டிகிரி. புது ஜிங்க் ஷீட் வெயிலில் சுமார் 40 சதவீதத்தை விழுங்கும், அதாவது 360 வாட். லேசான காற்றில் தகடு ஒவ்வொரு டிகிரி கூடுதல் சூட்டுக்கும் இரு முகத்திலுமாக 15 வாட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சில் போவது மேலும் 3 வாட்தான், சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், அதாவது உமிழ்திறன், முழுசுக்கு 1 என்றால் இதற்கு 0.2 என்பதால். மொத்தம் 18. 360ஐ 18ஆல் வகுத்தால் 20. ஆக, தகடு 55 டிகிரியில் நிற்கும்.

இப்போது மேல்பக்கம் சுண்ணாம்பு. விழுங்குவது கால்பங்கு, 225 வாட். சுண்ணாம்பின் உமிழ்திறன் 0.9. கண்ணுக்கு வெள்ளை, தான் உமிழும் வெப்பக் கதிருக்கோ ஏறக்குறையக் கறுப்பு! இழப்பு டிகிரிக்கு 22 வாட்டுக்கு மேல் ஏறுகிறது. கூடும் சூடு 10 டிகிரி, தகடு 45. வானம் காற்றைவிடக் குளிர்ந்தது என்பதை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் சுண்ணாம்புக்கு இன்னும் லாபம். ஆடிக் காற்றில் மட்டும் இந்த வித்தியாசம் மூன்று நான்கு டிகிரியாகச் சுருங்கிவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கீழ்ப்பக்கத்தில் மட்டும் எதையும் பூசிவிடாதீர்கள். அங்கே கஞ்சத்தனம் நமக்கு நல்லது. கீழே கதிர் குறைந்தால் அம்மாவின் தலைக்குப் புழுக்கம் குறையும்.

அந்தத் துப்பாக்கி... சிரிப்பதா அழுவதா? அது எதிரில் இருப்பது நன்றாகக் கதிர்வீசும் பொருள் என்று நம்பிக்கொண்டு அளக்கும் கருவி. பளபளக்கும் தகட்டை நோக்கி நீட்டினால், கண்ணாடியில் முகம் தெரிவதுபோல் அதில் தெரியும் தரையின் சூட்டைத்தான் பெரும்பாலும் படிக்கும். 55இல் கொதிக்கும் தகடு 40 காட்டும். எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டைத் தகட்டின் அடிப்பக்கம் ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, அதன் மேல் அளக்கச் சொல்லுங்கள். மேலே ஒட்டினால் டேப்பே வெயில் குடித்துப் பொய் சொல்லும்.

என் அப்பா பங்குனியில் ஏணி வைத்து ஏறி, கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார். "தகரத்துக்கு வெள்ளையடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறோம்" என்று தெருவே சிரிக்கும். நானும் வெட்கப்பட்டிருக்கிறேன். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. ஐப்பசி மழையில் கரைந்து, சுவரெல்லாம் வெள்ளைக் கோடாக வழியும். அடுத்த பங்குனியில் மட்டையை ஊறப்போட்டுக்கொண்டு அவர் மறுபடி ஏணியைத் தேடுவார். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். கூரைக்கென்று விற்கும் வெள்ளை பெயிண்ட் வாங்கி, முதலில் அதற்கான பிரைமரை அடியுங்கள்.