0.75 கப் என்பதை ரெசிபி கார்டில் எப்படி எழுதுவது?

கேள்வி: எக்செல்லில் அளவுகளைக் குறைத்துப் போட்டேன். 0.75 கப், 0.6 கப், 0.33 கப் என்று வருகிறது. கார்டில் இதை முக்கால், அரை, கால் என்று எப்படி எழுதுவது?

0.75 என்பது முக்கால் கப். கால் கப்பை மூன்று முறை எடுக்கலாம், அரையும் காலும் சேர்த்தும் எடுக்கலாம். மற்ற எண்களுக்கு மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது 48 என்ற ஒரே எண்தான். 1 கப்பில் 16 டேபிள்ஸ்பூன், 1 டேபிள்ஸ்பூனில் 3 டீஸ்பூன், ஆக 1 கப்புக்கு 48 டீஸ்பூன். தசம எண்ணை 48-ஆல் பெருக்கி, வரும் விடையைக் கிட்டத்தட்ட முழு எண்ணாக்கினால், அந்த அளவு எத்தனை டீஸ்பூன் என்று தெரிந்துவிடும். பிறகு அதைக் கையில் இருக்கும் கப்புகளிலும் ஸ்பூன்களிலும் பிரிக்க வேண்டியதுதான்.

ஏன் 48? சமையலறைக் கப் செட்டில் பொதுவாக 1, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று நான்கு இருக்கும். இவை முறையே 48, 24, 16, 12 டீஸ்பூன். காலும் மூன்றில் ஒன்றும் இரண்டுமே மீதமில்லாமல் முழு டீஸ்பூனாக வருவதால், 48-இல் கணக்குப் போட்டால் எதையும் வளைக்க வேண்டியதில்லை. 0.33-ஐப் பெருக்கினால் 15.84, அதாவது 16 டீஸ்பூன், மூன்றில் ஒரு கப். 0.67 கொடுப்பது 32.16, அது 32, மூன்றில் இரண்டு கப். எக்செல் திரையில் இரண்டு இலக்கம் மட்டும் காட்டி வெட்டியதால் வரும் சிறு பிழையும் இந்த முழு எண்ணாக்கலில் தானே சரியாகிவிடுகிறது.

நம் பழைய பின்னப் பெயர்கள் இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகின்றன. முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்று போகும் வரிசையில் வீசம் என்பது 16-இல் ஒன்று. கப்பின் வீசம்தான் 1 டேபிள்ஸ்பூன், அரைக்கால் கப் என்றால் 2 டேபிள்ஸ்பூன். பாதி பாதியாகக் குறைந்துபோகும் அந்த வரிசையில் மூன்றில் ஒன்றுக்கு இடமில்லை. அதனால் 0.33, 0.67 வரும்போதுதான் கை தடுமாறுகிறது: கால் என்று எழுதிவிடுவோம், அல்லது முக்கால் என்று எழுதிவிடுவோம். கால் கப் 12 டீஸ்பூன், மூன்றில் ஒரு கப் 16. மூன்றில் ஒன்றுக்குப் பதில் கால் என்று எழுதினால் பொருளில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். 0.3-உம் அப்படித்தான் ஏமாற்றும். அதைப் பார்த்ததும் மூன்றில் ஒன்று என்று தோன்றும், ஆனால் 48-ஆல் பெருக்கினால் 14.4 வருகிறது. 14 என்று வைத்தால் கால் கப்பும் 2 டீஸ்பூனும்.

எக்செல்லே பின்னமாகக் காட்டாதா என்றால், காட்டும். ஆனால் சமையலறைக்கு உதவாத பின்னமாகக் காட்டும். செல்லின் வடிவத்தை `# ?/?` என்று மாற்றினால், கீழே ஒற்றை இலக்கம் வரும் பின்னங்களில் மிக நெருக்கமானதைத் தேடிப் பிடிக்கும். 0.3-க்கு 2/7 வரும், 0.6-க்கு 3/5 வரும், 0.9-க்கு 8/9 வரும். கணக்கில் இவை நெருக்கமானவைதான், ஆனால் ஏழில் இரண்டு அளக்கும் கப் எந்தக் கடையிலும் கிடையாது. `# ?/4` என்று நான்கின் பின்னமாக வைத்தாலோ 0.33-ஐ 1/4 ஆக்கி, 0.67-ஐ 3/4 ஆக்கிவிடும். மேலே சொன்ன அதே தவறுதான், இந்த முறை சத்தமில்லாமல். இதற்குப் பதில் A2-இல் தசம கப் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த நான்கு செல்களில் இவற்றைப் போடுங்கள்:

```
B2: =ROUND(A2*48,0)
C2: =QUOTIENT(B2,12)
D2: =QUOTIENT(MOD(B2,12),3)
E2: =MOD(B2,3)
```

B2 மொத்த டீஸ்பூன். C2-இல் வருவது எத்தனை கால் கப், D2-இல் மிச்சத்துக்கு எத்தனை டேபிள்ஸ்பூன், E2-இல் கடைசி மிச்சமான டீஸ்பூன். B2-இல் 16 அல்லது 32 வந்தால் மட்டும் மற்ற செல்களைப் பார்க்காமல் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று எழுதிவிடுங்கள். கார்டு போடும்போது அதிகமாகத் தவறவிடப்படுவது இந்த இடம்தான். இன்னொன்று: செல்லில் நேராக 3/4 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். `0 3/4` என்று, முன்னால் 0-உம் இடைவெளியும் விட்டுத் தட்டினால் பின்னமாகவே இருக்கும்.

ஒரு கார்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 10 துண்டுக்கான முட்டையில்லாத தயிர் கேக்: மைதா ஒன்றரை கப், சர்க்கரை 1 கப், தயிர் 1 கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன். இதை 6 துண்டுக்குக் குறைக்க 0.6-ஆல் பெருக்க வேண்டும்.

மைதா 0.9 கப். 48-ஆல் பெருக்கினால் 43.2, அதாவது 43 டீஸ்பூன். மூன்று கால் கப்பில் 36 போக 7 மிச்சம்: 2 டேபிள்ஸ்பூனும் 1 டீஸ்பூனும். சர்க்கரையும் தயிரும் 0.6 கப். 28.8 என்பது 29. அரை கப்பில் 24 போக 5 மிச்சம்: 1 டேபிள்ஸ்பூனும் 2 டீஸ்பூனும். எண்ணெய் 0.3 கப், மேலே பார்த்தபடி கால் கப்பும் 2 டீஸ்பூனும்.

இதை இன்னும் எளிதாக்கத் தோன்றும், அங்கேதான் கவனம் வேண்டும். மைதாவில் அந்தக் கடைசி 1 டீஸ்பூனை விட்டுவிடலாம். 43-இல் 1 என்பது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. மைதாவைக் கப்பால் கோரி எடுப்பதற்கும், ஸ்பூனால் தளர்வாக அள்ளிப் போட்டு மட்டம் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசமே இதைவிடப் பல மடங்கு. ஆனால் அதே கையோடு சர்க்கரையை 'அரை கப், 2 டேபிள்ஸ்பூன்' என்று ஏற்றிவிடக் கூடாது. தனியாகப் பார்த்தால் அதுவும் நூற்றுக்கு நான்குதான். ஆனால் மைதா இறங்கி சர்க்கரை ஏறும்போது, இரண்டுக்கும் இடையிலான விகிதம் நூற்றுக்கு ஏழு நகர்ந்துவிடுகிறது. சர்க்கரை கூடி மாவு குறைந்த கேக் மேலே சீக்கிரம் சிவந்து, ஆறும்போது நடுவில் அமுங்கும். எனவே ஒரே கார்டில் மாவை ஒரு பக்கமும் சர்க்கரை, தயிரை மறுபக்கமும் இழுக்காதீர்கள். இங்கே சர்க்கரை, தயிர் இரண்டையும் கணக்கு சொன்னபடியே விடுவதுதான் சரி.

பேக்கிங் பவுடர் 0.75 டீஸ்பூன். இதையும் 48-ஆல் பெருக்கிவிடாதீர்கள், அது கப்புக்கு மட்டும். டீஸ்பூனில் இருப்பதை டீஸ்பூனிலேயே பின்னமாக்க வேண்டும்: முக்கால் டீஸ்பூன், அதாவது அரையும் காலும். பல ஸ்பூன் செட்டில் முக்கால் கிடையாது என்பதால், கார்டில் 'அரை + கால் டீஸ்பூன்' என்றே எழுதிவிடுவது நல்லது. சோடா 0.3 டீஸ்பூன். இதைக் கால் டீஸ்பூன் என்று கீழே இறக்குங்கள், மேலே ஏற்ற வேண்டாம். சோடா கொஞ்சம் கூடினாலும் நாக்கில் சோப்பு போலக் கசக்கும். கொஞ்சம் குறைந்தால், கூடவே பேக்கிங் பவுடரும் இருப்பதால் கேக் சமாளித்துக்கொள்ளும். உப்பும் மிளகாய்த்தூளும் அப்படித்தான், இறக்கித்தான் முடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்குங்கள். முதலில் 0.67 கப் என்று வெட்டி எழுதி, அதை மறுபடி 3-ஆல் பெருக்கி, அதை மறுபடி வெட்டினால் பிழை அடுக்கடுக்காகச் சேரும். மூலக் குறிப்பில் மூன்றில் இரண்டு என்றிருந்தால் செல்லில் `=2/3` என்றே போடுங்கள்.

48 டீஸ்பூன் கணக்கு 240 மி.லி. கப்புக்கும் 5 மி.லி. டீஸ்பூனுக்கும் உரியது. உங்கள் கப்பின் அடியிலோ கைப்பிடியிலோ அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 250 மி.லி. என்றிருந்தால் 1 கப்புக்கு 50 டீஸ்பூன். கப்பாகவே அளக்கும் பொருளுக்கு இது பெரிய தொந்தரவில்லை, ஏனென்றால் எல்லாமே ஒரே விகிதத்தில் கூடும். கப்பை உடைத்து முழுக்க ஸ்பூனில் அளக்கும்போதுதான் நூற்றுக்கு நான்கு குறையும். ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் அங்கே டேபிள்ஸ்பூன் 20 மி.லி., அதாவது 4 டீஸ்பூன். அதில் டேபிள்ஸ்பூன் என்று இருப்பதை முதலில் டீஸ்பூனாக்கிவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.

கார்டில் எழுதும்போது எண்ணைவிடச் சொல் பாதுகாப்பானது. சிறிய எழுத்தில் ¼, ¾ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அதிலும் நெய்க்கறை பட்டால் சொல்லவே வேண்டாம். 1 1/2 என்பதில் இடைவெளி விட்டுப்போனால் 11/2 ஆகிவிடும். 1.5-இல் புள்ளி அழிந்தால் 15. ஒன்றரை, ஒன்றேகால், இரண்டேமுக்கால் என்று எழுதினால் இந்த மூன்று ஆபத்தும் இல்லை. பெரிய அளவை முதலில் எழுதி, கூட்டல் குறி போட்டு, சிறியதை அடுத்து எழுதுங்கள்:

மைதா: முக்கால் கப் + 2 டேபிள்ஸ்பூன்
சர்க்கரை: அரை கப் + 1 டேபிள்ஸ்பூன் + 2 டீஸ்பூன்
தயிர்: அரை கப் + 1 டேபிள்ஸ்பூன் + 2 டீஸ்பூன்
எண்ணெய்: கால் கப் + 2 டீஸ்பூன்
பேக்கிங் பவுடர்: அரை + கால் டீஸ்பூன்
பேக்கிங் சோடா: கால் டீஸ்பூன்

ஒரு பொருளை மூன்று முறைக்கு மேல் அளக்க வேண்டி வந்தால், அந்த வரியில் மட்டும் கிராமை எழுதி தராசில் நிறுப்பதே மேல். ஒவ்வொரு ஸ்பூனிலும் மட்டம் தட்டுவதில் கொஞ்சம் பிசகும், நான்கு ஐந்து முறை அளந்தால் அந்தப் பிசகே நாம் காப்பாற்ற நினைத்த 1 டீஸ்பூனைத் தின்றுவிடும்.