பெட்ரோலுக்குக் காசு கேட்கும் கணவர்: கேள்வி பதில்

அக்கா, ஃபேக்டரியில் ஆட்குறைப்பு என்று என் கணவரை அனுப்பி நான்கு மாதம் ஆகிறது. நான் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. கேட்டதும் காசு கொடுக்கிறேன். ஆனாலும் எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுகிறார். நான் என்ன குறை வைத்தேன்? (பாயான் லெப்பாஸ்)

"கேட்டதும் கொடுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், முள் அங்கேதான் குத்துகிறது. நீங்கள் எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்னால் அவர் கேட்டாக வேண்டும். பெட்ரோலுக்கு, முடி வெட்ட, ஒரு கொப்பி குடிக்க. இருபது வயதிலிருந்து யாரிடமும் கை நீட்டாத மனிதர் அதை வாரத்தில் நான்கு முறை செய்கிறார்.

பினாங்கில் 18 வருடமாகத் தம்பதிகளோடு உட்கார்ந்து பேசிவருகிறேன். பட்டர்வொர்த்தில் ஒரு குடும்பம், அவர்கள் சம்மதத்தோடு சொல்கிறேன். அவர் பிறையில் 14 வருடம் டெக்னீஷியன், சம்பளம் 3,800 வெள்ளி. மனைவி கிளார்க், 3,300. ஆட்குறைப்பில் நஷ்டஈடு சுமார் 35,000 வெள்ளி கிடைத்தது. அதில் 22,000 வெள்ளியை உடனே காடி கடனில் கட்டி முடித்துவிட்டார். மீதி அவர் கணக்கில்.

சொக்சோவின் வேலைக் காப்புறுதியில் (சிப் என்போமே, அதுதான்) முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அவருக்குச் சுமார் 3,040. வீட்டில் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டாம் மாதம் 50 விழுக்காடு, 1,900. அடுத்த இரண்டு மாதமும் 40, கடைசி இரண்டு மாதமும் 30 விழுக்காடு, அதாவது 1,140 வெள்ளி. ஆனால் வீட்டுத் தவணை, பள்ளி வேன், அம்மாவுக்கு அனுப்பும் 300 எல்லாம் சேர்த்து அவர் தலையில் மாதம் 3,500. அதைக் குறைக்கவே இல்லை. குறையும் பணத்தை மனைவியிடம் காட்டாமல் கையிருப்பிலிருந்து போட்டு நிரப்பிக்கொண்டே வந்தார். மனைவியும் சமாளிக்கிறார் என்று நினைத்துவிட்டார். ஏழாம் மாதம் எல்லாம் தீர்ந்தது.

அன்றிலிருந்து திங்கட்கிழமை காலையில் மனைவி ஐஸ்பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே 50 வெள்ளித் தாள் ஒன்றைச் செருகிவிட்டு வேலைக்குப் போவார். கேட்க வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். பத்து வயது மகன் ஒருநாள், "அப்பா, உங்க பாக்கெட் மணி வந்துடுச்சு" என்றான். பிள்ளை விளையாட்டாகச் சொன்னது. அந்த மனிதர் என் முன்னால் அழுதது அதைச் சொல்லும்போதுதான்.

அடுத்து சலவை மெஷின். பழையது நின்றுபோனதும் மனைவி 1,100 வெள்ளிக்குப் புதிது வாங்கினார். வீட்டுக்கு மெஷின் வருகிற விஷயம் லாரிக்காரர் மணியடித்தபோதுதான் கணவருக்குத் தெரியும். "என் காசு, அவசரம், வாங்கினேன்" என்றார் மனைவி. அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கல்யாண வீடுகளுக்கு வருவதை நிறுத்தினார்.

அவர்கள் செய்தது எளிது. 26ஆம் தேதி சம்பளம் வந்ததும் வீட்டுக் கணக்குக்கு ஒரு தொகை, அங்கிருந்து இருவருக்கும் ஆளுக்கு 200 வெள்ளி, வங்கியே தானாக மாற்றிவிடும். இருவருக்கும் ஒரே தொகை. அது எதற்குச் செலவானது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக் கணக்கிலிருந்து பில், தவணை கட்டும் பொறுப்பு கணவருக்கு. 300 வெள்ளிக்கு மேல் எது வாங்கினாலும் இருவரும் பேசித்தான். அவர் அம்மாவுக்குப் போகும் 300 வெள்ளியை மட்டும் தொடவில்லை, மனைவிதான் பிடிவாதமாக நின்றார். வீட்டுத் தவணைக்கு, கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்து போனார்கள், ஆலோசனைக்கு அங்கே கட்டணம் இல்லை.

இப்போது அவர் 2,400 வெள்ளி வேலையில் இருக்கிறார். வீட்டில் சத்தம் குறைந்தது. கல்யாண வீட்டுக்கு மட்டும் இன்னும் போவதில்லை. அது ஏன் ஆறவில்லை என்று எனக்கும் புரியவில்லை.

எனக்குத் தெரிந்தவரை சொக்சோவில் ஆறு மாதம் காசு உண்டு. அதனால் நானே ராஜினாமா செய்துவிட்டு அதை வாங்கலாம் என்றிருக்கிறேன். மனைவியிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்தானே? (கிள்ளான்)

ஆறு மாதம் என்பது சரி, சந்தா போதுமான அளவு கட்டியிருந்தால். ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால் கிடைக்காது. கம்பெனியே பணம் கொடுத்து விலகச் சொல்லும் விஎஸ்எஸ் வேறு, அதற்கு உண்டு. வேலை போன 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும்.

தம்பி, மனைவியிடம் பிறகு சொல்வது என்பது வேண்டாம். காசு குறைந்ததை மன்னித்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் வேலைக்குப் போவதுபோல் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்வந்த கணவரை மன்னிக்க அவர்களுக்கு வருடங்கள் ஆகின்றன.

பெண் அதிகம் சம்பாதித்தால் ஆண் தாங்க மாட்டான், அவனைத் தாங்கிப் பிடி என்கிறீர்கள். இது பழைய பேச்சு. (பெட்டாலிங் ஜெயா)

நான் அப்படிச் சொல்லவில்லை. சம்பளம் குறைந்தவர் மனைவியாக இருந்தாலும் இதே கதைதான்.

அக்கா, உங்கள் பதில் எனக்குப் பொருந்தவில்லை. நான் டியூஷன் எடுத்து மாதம் 800 வெள்ளி சம்பாதிக்கிறேன். கணவருக்கு நல்ல சம்பளம். பசாருக்குக் கொடுக்கும் காசுக்கு மீன்காரர் சீட்டு வரை கேட்கிறார். என் 800 வெள்ளியையும் அவரிடம்தான் கொடுக்க வேண்டும். (செந்தூல்)

உங்கள் நிலைமை பட்டர்வொர்த் குடும்பத்தைப் போன்றதல்ல. அங்கே இருவருக்கும் வெட்கம் இருந்தது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் பயம் இருக்கிறது. சோதித்துப் பாருங்கள்: அவரைக் கேட்காமல் 100 வெள்ளியை உங்கள் கணக்கிலேயே வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? முணுமுணுப்பார் என்றால் பேசித் தீர்க்க வழி உண்டு, இருவருக்கும் ஒரே தொகை என்பதில் தொடங்குங்கள். கை ஓங்குவார், வெளியே போக விட மாட்டார் என்ற பயம் வந்தால் என் யோசனை எதுவும் உதவாது. 15999 தாலியான் காசிஹ் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், இரவிலும் எடுப்பார்கள். உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருக்கட்டும்.

இன்னொன்று. "நீ என்ன சம்பாதித்தாய், வீடு என்னுடையது" என்று சொல்கிறாரா? முஸ்லிம் அல்லாதோருக்கான 1976 திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 76ஆம் பிரிவின்படி சொத்தைப் பிரிக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொண்டதையும் பிள்ளை வளர்த்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். பிரியச் சொல்லவில்லை. அந்த வாக்கியம் உண்மையில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. வந்த மூன்று வேலையையும் சம்பளம் குறைவு என்று விட்டுவிட்டார். பகலெல்லாம் தூக்கம். எவ்வளவு நாள் பொறுப்பது? (ஆயர் ஈத்தாம்)

நாள் கணக்கு என்னிடம் இல்லை. சோம்பலா, மனச்சோர்வா என்று பார்க்கத்தான் வழி சொல்ல முடியும். இரவிலும் தூக்கமில்லாமல், பிடித்த சாப்பாட்டையும் தள்ளிவைத்து, பந்து விளையாட்டைக்கூடப் பார்க்காமல் சில வாரமாக இருக்கிறார் என்றால் கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப்போங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். நண்பர்களோடு இரவு ஒரு மணி வரை மாமாக்கில் சிரித்துப் பேசிவிட்டு வேலை என்றதும் படுத்துக்கொள்கிறார் என்றால், அது வேறு பேச்சு. அதை அவரிடம் நீங்கள் நேரே பேச வேண்டும், மாமியார் வழியாக வேண்டாம். இரண்டும் கலந்தும் இருக்கும். இதில் எது என்று எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.