தாத்தாவின் பெட்டியில் இருந்த ரீல், வலை, முள்

"தாத்தாவின் பெட்டியில் கிடைத்தவை. படத்தைப் பார்த்து, எந்த மீனுக்கு என்று சொல்ல முடியுமா?"

முதலில் தூண்டில் முள்ளை உற்றுப் பாருங்கள். கூர்நுனி மேல்நோக்கி நிற்காமல் தண்டுப் பக்கமாக உள்ளே திரும்பியிருக்கிறது. இது வட்ட முள். இரையை விழுங்கிய மீன் திரும்பிப் போகும்போது வாயோரத்தில் தானே மாட்டும். வெடுக்கென்று இழுத்தால் நழுவிவிடும். ரீலின் உருளை கோலுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது, கைப்பிடியருகே நூலின் இழுவையை இறுக்கித் தளர்த்தும் நட்சத்திரத் திருகும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சூரை, களவாய் போன்ற பெரிய கடல்மீன்கள்தாம். வலை வட்டமானது, விளிம்பெங்கும் ஈயக்குண்டுகள்: வீச்சு வலை. கண்ணி சிறியது என்பதால், கரையோரத்தில் இரைமீன் பிடிக்கவே வைத்திருந்திருப்பார் என்று நினைக்கிறேன். முள்ளருகே ஒரு நாணயம் வைத்து மீண்டும் படமெடுங்கள். அளவு தெரிந்தால் மீனின் பருமனையும் ஓரளவு சொல்லிவிடலாம்.