பயோவில் 112 சதவீதம், 11 கணக்குகள்

"டர்பனில் பேக்கேஜிங் விற்பனை, 6 வருஷம். பயோவில் '112% இலக்கு, 11 புதிய கணக்குகள், சிறந்த உறவுத்திறன்' என்று போட்டிருக்கிறேன். பீற்றலாகத் தெரிகிறதா?"

வணக்கம். 112% தனியாக நின்றால் எதுவும் சொல்லாது. எந்த ஆண்டு, எவ்வளவு இலக்கு என்று சேருங்கள்: "2024-இல் இலக்கு 4 மில்லியன் ராண்ட், முடித்தது 4.48 மில்லியன்." தொகையை வெளியே சொல்ல நிறுவனம் விடாவிட்டால் ஆண்டும் சதவீதமும் போதும். ஒரு வருஷம் தவறியிருந்தாலும் "ஆண்டுதோறும்" என்று எழுதாதீர்கள். நேர்காணலில் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

எனக்கு இடிப்பது அந்த 11. முன்பிருந்தவர் விட்டுப்போன கணக்குகளும் அதில் இருக்கிறதா? நாலு அப்படி என்றால், "7 புதிய கணக்குகள் பிடித்தேன்; கைமாறி வந்த 4-ஐக் கவனித்தேன்" என்று பிரியுங்கள். டெண்டரைக் குழுவாக வென்றிருந்தால் உங்கள் பங்கு மட்டும்: "விலைப்புள்ளியைத் தயாரித்தேன்."

"சிறந்த உறவுத்திறன்" எடுத்துவிடுங்கள். அந்த நாலில் மூன்று பேர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தால் அந்த ஒரு வரியே போதும். வாடிக்கையாளர் பெயருக்கு அனுமதி கேளுங்கள், இல்லையேல் "பைன்டவுன் பக்கம் ஓர் உணவுத் தொழிற்சாலை" என்று எழுதலாம். ஆனால் "ஊறுகாய்த் தொழிற்சாலை" என்று குறுக்கினால் பெயரைச் சொன்ன மாதிரிதான்!